மங்கிய பக்கத்துக்கு ஒரு தெளிவான நகல்: ஒரு வி.ஏ.ஓ. எழுதிய கடிதம்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் நான் வேலை பார்த்த காலத்தில், கிராம நிர்வாக அலுவலர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். “எமது கிராமத்தின் ‘அ’ பதிவேடு மிகவும் மங்கலாக உள்ளதால் தெளிவான நகல் ஒன்று வழங்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.” அவ்வளவுதான். எந்தப் புல எண், எந்தப் பக்கம், எதற்காக என்று ஒன்றும் இருக்காது. ஒரு கிராமத்தின் ‘அ’ பதிவேடு நூற்றுக்கணக்கான பக்கம் போகும். முழுவதையும் நகல் எடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. “விவரம் தெரிவிக்கவும்” என்று திருப்பி அனுப்புவோம். அவர் மறுபடி எழுதுவார். மனு கொடுத்த விவசாயி இதற்கிடையில் தாலுகா ஆபீசுக்கு நடந்துகொண்டே இருப்பார்.

ஆனால் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பணிக்கு வந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண் வி.ஏ.ஓ. அதைப் படித்துவிட்டு நேராக எழுந்து போய்ப் பதிவேட்டுக் கட்டை எடுத்தேன். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது, அதற்கு நாங்கள் என்ன அனுப்பினோம், எதை அனுப்ப முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன், புல எண்ணையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்தப் பதிவேடு என்ன என்று சொல்லிவிடுகிறேன். இன்று கிராமங்களில் இருக்கும் ‘அ’ பதிவேடுகளில் பெரும்பாலானவை யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உருவானவை. 1979 ஜூனில் தொடங்கி 1987 ஏப்ரல் வரை நடந்த திட்டம் அது. ஏக்கர், சென்ட் கணக்கெல்லாம் ஹெக்டேர், ஏர் ஆனது அதில்தான். அச்சடித்த படிவத்தில் கையால் எழுதினார்கள். புல எண், உட்பிரிவு, பழைய புல எண், நன்செயா புன்செயா, மண்ணின் வகை, தரம், ஹெக்டேருக்குத் தீர்வை எவ்வளவு, பரப்பு, அந்த நிலத்துக்கான தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்பு என்று ஒரு வரி இரண்டு பக்கத்துக்கும் நீளும். திட்டம் பாதியில் இருக்கும்போதே, 1980 நவம்பர் 14-ல், கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தது. அதனால் பரம்பரையாக ஊர்க்கணக்கு எழுதியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் பல ஊர்களில் அப்போதே அடைபட்டுப்போனது. பக்கத்தில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

இந்தப் பதிவேட்டின் ஒரு பிரதி கிராமத்திலும், ஒன்று தாலுகாவிலும், ஒன்று மாவட்டத்திலும் இருக்கும். கிராமப் பிரதிதான் தினமும் புரட்டப்படுவது. தகரப் பெட்டியில் கிடந்து, மழைக்கு ஒழுகும் கட்டடத்தில் ஈரம் குடித்து, ஆயிரம் விரல் பட்டு அது தேயும். நீல மை ஈரம் பட்டால் கரைந்து பரவும், வெளிச்சத்தில் வெளுக்கும். மாவட்டப் பிரதியை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் இது தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த அம்மா எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

> பொருள்: நில ஆவணங்கள் – ‘அ’ பதிவேடு – புல எண் 142 – கிராமப் பிரதியில் பதிவுகள் மங்கியுள்ளமை – மாவட்டப் பிரதியின் வண்ண நகல் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: யு.டி.ஆர். பிழைத் திருத்தம் கோரும் மனு மீது வட்டாட்சியர் அவர்களின் குறிப்பாணை.
>
> பார்வையில் கண்ட மனு மீது அறிக்கை அனுப்ப வேண்டியுள்ளது. கிராமப் பிரதியில் புல எண் 142-க்கான பக்கத்தில் கீழ்க்கண்ட பதிவுகளை வாசிக்க இயலவில்லை. வாசிக்க முடியாத இலக்கத்துக்குப் புள்ளி இட்டுள்ளேன்.
>
> 142/1 – பரப்பு 0.62.5 – தெளிவு
> 142/2 – பரப்பு 0.4•.5 – தீர்வை, பட்டா எண், பெயர் தெரியவில்லை
> 142/3 – பரப்பு 0.38.5 – தெளிவு. பெயர்க் கலத்தில் ௸ குறி
> 142/4அ – பரப்பு 0.•7.0 – பெயர்க் கலத்தில் ௸ குறி
> 142/4ஆ – பரப்பு 0.28.5 – தெளிவு. குறிப்புக் கலத்தில் சிவப்பு மைப் பதிவு, வாசிக்க இயலவில்லை
> கூடுதல் – 2.14.0 – தெளிவு
>
> மேற்படி பக்கத்தையும் அதற்கு முந்தைய பக்கத்தையும் ஓரம் முதல் ஓரம் வரை, கலத் தலைப்புகளும் பக்க எண்ணும் தெரியும்படி, வண்ண நகலாக வழங்க வேண்டுகிறேன். கையால் எழுதிய நகலோ, தட்டச்சு செய்த நகலோ வேண்டியதில்லை. மாவட்டப் பிரதியிலும் ஓர் இலக்கம் தெளிவில்லை எனில் அதை அவ்வாறே குறிப்பிடக் கோருகிறேன்.
>
> யு.டி.ஆர். காலத்தில் இக்கிராமம் இருந்த தாலுகாவின் பெயரும், அன்றைய கிராம எண்ணும் கீழே தரப்பட்டுள்ளன. கிராமப் பிரதியின் வண்ணப் புகைப்படம் இணைத்துள்ளேன்.

கடிதம் வட்டாட்சியர் வழியாக வந்தது, முன்நகல் ஒன்று நேராகவும் வந்தது. வி.ஏ.ஓ. தன் மேலதிகாரியைத் தாண்டி மாவட்டத்துக்கு எழுத முடியாது. ஆனால் முன்நகல் அனுப்பினால், அசல் வரும் முன்பே கட்டைத் தேடி வைத்துக்கொள்ளலாம். அதைத் தெரிந்து செய்திருந்தார்.

தேடுபவனுக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் உதவியது அந்தக் கடைசிப் பத்திதான். எங்கள் ரெக்கார்டு ரூமில் பழைய பதிவேடுகளைப் பழைய தாலுகா, பழைய கிராம எண் வரிசையில்தான் கட்டி வைத்திருந்தோம். இதற்கிடையில் தாலுகாக்கள் எத்தனையோ முறை பிரிந்துவிட்டன, மாவட்டங்களும் பிரிந்துவிட்டன. கள்ளக்குறிச்சியும் ராணிப்பேட்டையும் மாவட்டமானது 2019-ல். யு.டி.ஆர். நடந்தபோது கள்ளக்குறிச்சி தென்னாற்காட்டில் இருந்தது, ராணிப்பேட்டை வடாற்காட்டில் இருந்தது. இன்றைய தாலுகா பெயரை மட்டும் எழுதிக் கேட்டால் எந்த அலமாரி என்றே தெரியாது. ஒரே பெயரில் இரண்டு கிராமம் வேறு இருந்துவிட்டால் கிராம எண் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கிராமப் பிரதியின் முகப்புப் பக்கத்திலேயே அந்தப் பழைய விவரம் இருக்கும், பார்த்து எழுதினால் போதும்.

சரி, வழக்குக்கு வருவோம். மனுதாரர் 142/2 தன்னுடையது, பரப்பு 1 ஏக்கர் 17 சென்ட் என்கிறார். பக்கத்து நிலத்துக்காரர், பதிவேட்டில் இருப்பது 0.41.5, அதாவது 41.5 ஏர் என்கிறார். 1 ஏக்கர் 17 சென்ட் என்றால் ஏறக்குறைய நாற்பத்தேழரை ஏர். 41.5-க்கும் 47.5-க்கும் 6 ஏர் வித்தியாசம், சுமார் 15 சென்ட். வாசிக்க முடியாத அந்த ஒரு இலக்கம் 1 ஆ, 7 ஆ என்பதுதான் சண்டை. அந்தக் கால எழுத்தில் 1-ம் 7-ம் மங்கிவிட்டால் ஒன்றுபோலவே தெரியும். 7-இன் மேல்கோடு மெல்லியது, முதலில் போவது அதுதான்.

வி.ஏ.ஓ. தன் கடிதத்தோடு ஒரு தனித்தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். தெளிவாக இருக்கும் மூன்று உட்பிரிவுகளையும் கூட்டினால் 129.5 ஏர். மொத்தம் 2 ஹெக்டேர் 14 ஏர், அதாவது 214 ஏர். மீதி 84.5 ஏர் 142/2-க்கும் 142/4அ-வுக்கும் போக வேண்டும். ஒன்றில் ஒன்றாம் இடம் தெரியவில்லை, இன்னொன்றில் பத்தாம் இடம் தெரியவில்லை. எப்படி வைத்துப் பார்த்தாலும் 47.5-ம் 37.0-ம் மட்டும்தான் பொருந்தும். 142/2-க்கு 41.5 என்று வைத்தால் 4அ-வுக்கு 43 வர வேண்டும். ஆனால் அங்கே ஒன்றாம் இடத்தில் 7 என்று நன்றாகத் தெரிகிறது. இடம் மாறி அழிந்ததால்தான் இந்தக் கணக்கு வேலை செய்தது. இரண்டிலும் ஒன்றாம் இடமே போயிருந்தால் பல விடை வரும்.

இவ்வளவு தெரிந்த பிறகு எதற்குக் கடிதம் என்று எங்கள் பிரிவில் ஒருவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கணக்குப் பொருந்துகிறது என்று பால்பாயிண்ட் பேனாவை எடுத்து மங்கிய இலக்கத்தின் மேலேயே 7 என்று அழுத்தி எழுதிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் சாட்சி சொல்லாது. கீழே இருந்த பழைய கோட்டை யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது, கோர்ட்டில் முதல் கேள்வியே “இதை எழுதியது யார்” என்றுதான் வரும். தவிர, கூடுதலை வைத்துக் கண்டுபிடிப்பது, கூடுதல் சரியாக இருந்தால்தான் சரி. எழுதியவரே கூட்டலில் தவறியிருந்தால், தவறான மொத்தத்துக்குப் பொருந்தும்படி ஒரு பொய்யான பரப்பைக் கண்டுபிடித்திருப்போம். யு.டி.ஆர். பிழைத் திருத்த மனு என்பதே இப்படிப்பட்ட பிழைகளைப் பற்றியதுதானே. கணக்கு எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று காட்டும். எழுதியிருப்பது என்ன என்பதைப் பக்கம்தான் காட்ட வேண்டும்.

மாவட்டப் பிரதியை விரித்தேன். 142/2-க்கு எதிரே 0.47.5. மேல்கோடு முழுதாக இருந்தது. 4அ-வில் 0.37.0. இன்னொரு சரிபார்ப்பும் செய்தேன். அந்த வரியில் ஹெக்டேருக்குத் தீர்வை 3 ரூபாய் 9 பைசா, நிலத்துக்கான தீர்வை 1 ரூபாய் 47 பைசா. 0.475-ஐ 3.09-ஆல் பெருக்கினால் 1.47 வருகிறது. பரப்பு 0.41.5 ஆக இருந்தால் 1.28 வந்திருக்கும். பரப்பு எழுதியபோதே தீர்வையும் அதே வரியில் கணக்கிட்டு எழுதப்பட்டது, அதனால் ஓர் இலக்கத்தைப் பிற்காலத்தில் யாராவது மாற்றியிருந்தால் தீர்வை காட்டிக்கொடுத்துவிடும். பரப்புக் கலத்தை மட்டும் வெட்டி நகல் எடுத்து அனுப்பியிருந்தால் இந்தச் சரிபார்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. ஓரம் முதல் ஓரம் வரை என்று அவர் கேட்டது அதனால்தான் முக்கியம்.

முந்தைய பக்கத்தையும் ஏன் கேட்டார் என்பது எனக்கு உடனே புரிந்தது. 142/3-இலும் 4அ-விலும் பெயர்க் கலத்தில் ௸ குறி இருந்தது, அதாவது மேற்படி. மேலே உள்ள பெயரே இங்கும் என்று பொருள். மேலே உள்ள வரி 142/2, அதில்தான் பெயர் அழிந்திருக்கிறது. ஒரு பெயர் அழிந்தால் அதன் கீழே ௸ போட்ட அத்தனை வரியும் அநாதையாகிவிடும். அது மட்டுமில்லை, 142/2-இலேயே பெயர் எழுதப்பட்டதா, ௸ போடப்பட்டதா என்பதும் கிராமப் பிரதியில் தெரியவில்லை. அது ௸ ஆக இருந்து, 142/1-இலும் ௸ இருந்தால், பெயர் முந்தைய பக்கத்தில்தான் இருக்கும். பக்கம் திரும்பினாலும் அந்தக் குறி தொடரும். பெயர் முழுதாக எழுதப்பட்ட வரி வரும்வரை மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். கையால் நகல் எழுதுபவர் நடுவில் ஒரு வரியில் தொடங்கி ௸ என்றே எழுதிக் கொடுத்த நகல்களைப் பார்த்திருக்கிறேன். அது யாருடைய நிலம் என்று அந்த நகலைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. தானே பெயரை நிரப்பிக் கொடுத்தவர்களும் உண்டு, அது இன்னும் ஆபத்து. மாவட்டப் பிரதியில் 142/2-க்கு எதிரே பெயர் முழுதாக, தந்தை பெயரோடு இருந்தது. முந்தைய பக்கம் தேவைப்படவில்லை, ஆனாலும் சேர்த்தே அனுப்பினேன். தேவைப்படவில்லை என்பதை அவரே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்ண நகல் என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. எங்களிடம் இருந்த ஜெராக்ஸ் மெஷினில் இளநீல மை சரியாக விழாது, வெள்ளையாகப் போய்விடும். கறுப்பைக் கூட்டி வைத்தால் காகிதத்தின் பழுப்பும் கறையும் சேர்ந்து கறுத்து, எழுத்து அதில் மூழ்கிவிடும். அதனால் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த ஸ்கேனரில் வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து எடுத்தோம். வண்ணப் படத்தில் ஒரு வசதி இருக்கிறது. படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காகப் பிரித்துச் சிவப்பு அடுக்கை மட்டும் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் நீல மை கருமையாக எழும்பும். நீல மை சிவப்பு ஒளியை உள்ளே இழுத்துக்கொள்வதால் அப்படி. சிவப்பு மைக்கு நீல அடுக்கையோ பச்சை அடுக்கையோ பார்க்க வேண்டும். அவர் அனுப்பிய கிராமப் பிரதியின் புகைப்படத்தில் இதைச் செய்து பார்த்தேன். 142/2-இல் 7-இன் மேல்கோட்டின் ஒரு துணுக்கு தெரிந்தது. பழுதான பக்கத்தை லேமினேட் செய்துவிடுகிறார்கள், செலோடேப் ஒட்டுகிறார்கள். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகி மையையும் சேர்த்து இழுத்துவிடும். லேமினேட் செய்த தாளைப் பிறகு பிரிக்கவே முடியாது. அந்தப் பக்கத்தில் நல்லவேளையாக ஒன்றும் ஒட்டப்படவில்லை.

எங்களால் கொடுக்க முடியாதது ஒன்று இருந்தது. 142/4ஆ-வின் குறிப்புக் கலத்தில் இருந்த சிவப்பு மைப் பதிவு. மாவட்டப் பிரதியில் அந்தக் கலம் காலியாக இருந்தது.

இது மாவட்டப் பிரதியின் குறை இல்லை. யு.டி.ஆர். முடிந்த நாளில் நிலம் எப்படி இருந்ததோ அதை மாவட்டப் பிரதி வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த பட்டா மாறுதல், உட்பிரிவு எல்லாம் கிராமப் பிரதியிலும் தாலுகா கணக்கிலும்தான் ஏறும். கிராமப் பிரதியில் அடுக்கடுக்காக இருப்பது இரண்டு காலத்தின் எழுத்து. கீழே 1980-களின் நீலம், மேலே பின்னால் வந்த சிவப்பு. தெளிவான நகல் கிடைத்துவிட்டது என்று கிராமப் பிரதியின் பக்கத்தை எடுத்துவிட்டு எங்கள் நகலைச் செருகினால், இடைப்பட்ட மாறுதல்கள் எல்லாம் மறைந்து, விற்றவர் பெயரிலேயே நிலம் திரும்பிப் போய்விடும். தெளிவாக இருப்பது பழையது, மங்கலாக இருப்பது புதியது. இதைத் தெரியாமல் நடந்த குளறுபடிகளை நான் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அதனால் பதில் கடிதத்தில் அதை வெளிப்படையாக எழுதினேன்: “இந்நகல் யு.டி.ஆர். கால நிலவரத்தை மட்டும் காட்டுவது. கிராமப் பிரதியில் உள்ள பிற்காலப் பதிவுகளுக்கு இது மாற்று ஆகாது. 142/4ஆ-வின் குறிப்புக் கலம் இப்பிரதியில் வெறுமையாக உள்ளது.”

eservices.tn.gov.in தளத்திலேயே ‘அ’ பதிவேடு விவரம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, இன்றைய நிலைக்கு அது போதும். பிழை எப்போது நுழைந்தது என்று தேடும் மனுவுக்கு அன்று கையால் எழுதிய பக்கம்தான் வேண்டும்.

நகல் போய்ச் சேர்ந்த மறுநாள் அவர் போன் செய்தார். “சார், பரப்பும் பெயரும் சரியா இருக்கு. அந்தச் சிவப்பு மைக்கு நான் எங்க போறது?” என்றார். “தாலுகாவில பட்டா மாறுதல் கோப்பு இருக்கும்மா. ஆணை எண்ல ரெண்டு எழுத்தாவது தெரியுதா பாருங்க, வருஷம் தெரிஞ்சாக்கூடப் போதும்” என்றேன். படத்தின் பச்சை அடுக்கைப் பார்க்கச் சொன்னேன். வருஷம் மட்டும் தெரிந்தது. அந்த வருஷத்து மாறுதல் பதிவேட்டில் 142-ஐத் தேடி, ஆணையைத் தாலுகா ஆபீசிலேயே எடுத்துவிட்டார். 4ஆ-வைப் பின்னாளில் வாங்கியவரின் பெயர் மாற்றம் அது. 142/2-க்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடர்பில்லை என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் பக்கத்து நிலத்துக்காரர் அந்தச் சிவப்பு வரியைக் காட்டித்தான் பரப்பு குறைக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி நகல் கேட்டு வரும் கடிதங்களை எங்கள் அலுவலகத்தில் மூ.மு. போட்டுத்தான் முடிப்போம், அதாவது மூன்று வருடத்துக்குப் பின் கோப்பு அழிக்கப்படும். எங்களிடம் இந்தக் கடிதப் போக்குவரத்தின் சுவடு இருக்காது. அவரிடம் அதையும் சொன்னேன். நகலைப் பதிவேட்டின் நடுவில் செருகாமல் தனி உறையில் போட்டு, உறையின் மேல் எங்கள் பதில் கடிதத்தின் எண்ணையும் நாளையும் எழுதி, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் தனி இனமாகச் சேர்த்ததாகப் பின்னர் சொன்னார். 142-இன் பக்கத்தில் அவர் பேனாவே வைக்கவில்லை. உறை இருக்கிறது என்ற ஒரு வரியைப் பதிவேட்டின் முகப்புத் தாளில் மட்டும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்.